வலது பக்கத்து வெளிச்சம்

சோப்பின் வலது பக்கம் மறுபடியும் கருத்துப்போய் வந்தது. இது முப்பத்தேழாவது படம். சின்னவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், கண்ணைத் தேய்த்தாள், திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தாள். கருப்பு அப்படியேதான் இருந்தது.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம். ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் இருக்கிற பொருள் ஒவ்வொன்றும் பார்வைக்கு எப்படி இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விழுகிறது, எது எங்கே நிற்கிறது, எது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் அவள் வார்த்தையாக எழுத வேண்டும். அந்த வார்த்தைகளைப் படம் செய்கிற மென்பொருளுக்குக் கொடுத்தால் அதே தோரணையில் புதுப் படம் வரும். அப்படி எழுதிக் கொடுப்பதற்கு பிராம்ப்ட் என்று பெயர். இரண்டு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. செருப்பு, நாற்காலி, தலையணை உறை என்று எதெதையோ எழுதிக் கரை சேர்ந்தவள், ஒரு கட்டி சோப்பில் வந்து மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சோப்பு வேறு யாருடையதும் இல்லை, கூடப் பிறந்த அக்காவுடையது. அங்கேதான் வினை. ஊரார் வேலையென்றால் "இவ்வளவுதாங்க வரும்" என்று கையை விரித்துவிடலாம். பெரியவளிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? சொன்னால் அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

பெரியவள் வீட்டிலேயே சோப்பு செய்கிறாள். கணவனை விட்டுத் தனியே வந்து எட்டு மாதம் ஆகிறது. நகரத்தின் பெரிய கடை ஒன்று அவளுடைய ஆறு வகை சோப்பையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் எடுத்த ஒரு புகைப்படம் கடையின் கொள்முதல் அம்மாளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதே வெளிச்சம், அதே பலகை, அதே அமைப்பில் ஆறு சோப்புக்கும் ஆறு படம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அலமாரியின் அந்தத் தட்டு வேறு யாருக்கோ போய்விடும்.

"இது கிடைச்சிட்டா போதும்டி," என்று பெரியவள் சொல்லியிருந்தாள். "அப்புறம் நான் யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்ல. உங்க அத்தான்கிட்ட நேரா போய், நீங்க எனக்கு வேணாம், நான் பொழச்சிக்குவேன்னு சொல்லிட்டு வந்துடுவேன். ஒரே வார்த்தை."

திரும்ப எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அவளும் எடுத்துப் பார்த்தாள். பழைய வீட்டில் இருந்த ஜன்னல் புது வீட்டில் இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் சோப்பு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. பழைய படத்தையே மென்பொருளுக்குள் போட்டு "இதே மாதிரி" என்று கேட்டும் பார்த்தார்கள். அது பழைய சோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மஞ்சள் சோப்பு கேட்டாலும் பச்சைதான் வந்தது. மூலையில் இருந்த உடைசல்கூட அப்படியே வந்தது. ஆகவே வார்த்தையில் எழுதுவது ஒன்றுதான் வழி. பலகையும் வெளிச்சமும் அமைப்பும் சொல்கிற பத்து வரி எல்லாப் படத்துக்கும் பொதுவாக நிற்கும். சோப்பைச் சொல்கிற இரண்டு வரி மட்டும் மாறும். சின்னவள் அக்கறையாகத் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று சொன்னாலும் சரிதான்.

சின்னவள் வேலை பார்க்கிற ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, ஜன்னலுக்குக் கருப்புத் திரை. கீழே சக்கரத்தைக் கழற்றுகிற எந்திரம் கர்ரென்று கத்தும்போதெல்லாம் தரை அதிரும். ஸ்டுடியோக்காரர் முன்பு கடைகளுக்காகக் கேமராவில் படம் எடுத்தவர். இப்போதும் அவர் கண் எதையும் விடாது. வாய் மட்டும் ரொம்பச் சிக்கனம்.

முதல் நாளே ஒரு குழப்பம். புகைப்படத்தில் சோப்புக்குக் கீழே ஈரமாக, கருஞ்சாம்பலாக ஒரு தளம் இருந்தது. சின்னவள் அதைக் கல் என்று எழுதினாள், வந்த படம் அச்சாகப் பொருந்தியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சரியாக எழுத வேண்டுமே என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"கல்லா?" பெரியவள் சிரித்தாள். "எந்தக் காலத்துலடி என்கிட்ட கல்லு இருந்துச்சு? அது பழைய அலமாரிக் கதவு. கருப்பு பெயின்ட் அடிச்சு, மேல தண்ணி தெளிச்சேன். ரெண்டு முக்காலி மேல வெச்சிருந்தேன்."

உண்மை தெரிந்துவிட்டதே என்று சந்தோஷமாகக் கல்லை அடித்துவிட்டு, "கருப்பு வண்ணம் பூசிய பழைய மரக் கதவு, ஈரமானது" என்று எழுதினாள். வந்தது பாருங்கள்! கீல் வைத்து, கைப்பிடி வைத்து, பெயின்ட் உரிந்து ஒரு முழுக் கதவு. நடுவில் சோப்பு தொலைந்துபோன பிள்ளை மாதிரி நின்றது.

"நான் உண்மையைத்தானே சார் எழுதினேன்?"

ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்தார். "அது என்னன்னு யாரும்மா கேட்டாங்க? எப்படித் தெரியுதுன்னு எழுதுங்க."

"பொய்யை எழுதினா சரியா வருது. உண்மையை எழுதினா தப்பா வருது. இது என்ன சார் நியாயம்?"

"போட்டோல எது கதவு மாதிரி தெரியுது, காட்டுங்க."

எதுவும் தெரியவில்லைதான். சின்னவள் முணுமுணுத்துக்கொண்டே ஈரமான கருஞ்சாம்பல் கல்லுக்குத் திரும்பிப் போனாள். பளபளப்பு எண்ணெய் மாதிரி இல்லாமல் தண்ணீர் மாதிரி, திட்டுத்திட்டாக என்றும் சேர்த்தாள். உண்மையும் சரியும் வேறுவேறாகிப்போனது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அமைப்பு. சோப்பு இடப்பக்கம் கீழே. அதற்குப் பின்னால் வலப்பக்கமாக ஒரு எவர்சில்வர் டம்ளர், நேரான சுவர் உடையது. அதன் வாய் படத்துக்குள் இல்லை, மேல் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மென்பொருளுக்கோ எதையும் முழுசாகக் காட்டினால்தான் திருப்தி. டம்ளரைத் தலை முதல் கால்வரை கொண்டுவந்து நிறுத்தியது. "டம்ளரின் மேல் பாதி சட்டகத்துக்கு வெளியே" என்று எழுதிய பிறகுதான் அடங்கியது. கேமரா பலகையின் மட்டத்துக்கே இறங்கி, சோப்பை நேருக்கு நேர் பார்க்கிறது என்றும் எழுதினாள். "அழகான", "தரமான" என்று ஆரம்பத்தில் எழுதியிருந்ததையெல்லாம் எடுத்தாள். அந்த வார்த்தைகள் போட்டால் சோப்பு மெழுகு பூசியது போல் மின்னியது; அக்காவின் சோப்பு மின்னாது, ஓரத்தில் லேசாக உதிர்ந்திருக்கும். ஆறு சோப்பும் மேசைமேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நிறத்தை எழுதினாள். வாசனையை எழுத வழியில்லை.

இத்தனையும் சரியாகி வந்து நின்ற இடம்தான் வெளிச்சம்.

"இடது ஜன்னலிலிருந்து மென்மையான பகல் வெளிச்சம்" என்று எழுதியிருந்தாள். சோப்பின் இடப்பக்கம் அச்சு அசலாக வந்தது. வலப்பக்கம் கருப்பு. ஆனால் பழைய புகைப்படத்தில் வலப்பக்கம் கருப்பில்லை. நிழல் இருந்தது, நிழலுக்குள் சோப்பின் சொரசொரப்பும் தெரிந்தது. பலகையில் விழுந்த நிழல்கூட சாம்பலாகத்தான் இருந்தது.

போனில் கேட்டாள். "அக்கா, அந்த ரூம்ல எத்தனை ஜன்னல்?"

"ஒண்ணுதான்."

"வலது பக்கம் விளக்கு ஏதாவது வெச்சியா?"

"விளக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் பீரோ இருந்துச்சு. பழுப்பு பீரோ."

"வெள்ளைச் சுவர்?"

"பீரோன்னு சொல்றேன், சுவர்ங்கறே. தூங்கிட்டே பேசறியா?"

பழுப்பு பீரோ எங்கேயாவது வெளிச்சம் கொடுக்குமா? சின்னவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இரு பக்கமும் வெளிச்சம்" என்று எழுதிப் பார்த்தாள்; நிழலே இல்லாமல் சோப்பு தட்டையானது. "வலது பக்கம் வெள்ளைச் சுவர்" என்று எழுதினாள். சுவர் படத்துக்குள்ளேயே வந்து டம்ளரைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஆத்திரத்தில் "விளக்கு வேண்டாம்" என்று எழுதினாள். மேசை விளக்கு ஒன்று ஜம்மென்று வந்து உட்கார்ந்தது.

ஸ்டுடியோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரைச் சொன்னா வந்துரும்மா. வேணாம்னு சொன்னாலும் பேரைச் சொல்லிட்டீங்கல்ல? படத்துல இல்லாததோட பேரையே எடுக்காதீங்க. அது படத்துல என்ன செஞ்சிருக்கோ, அதை மட்டும் எழுதுங்க."

"எது செஞ்சதுன்னே தெரியலையே சார்."

"தெரிய வேண்டாம். எவ்வளவு வெளிச்சம், எங்க விழுதுன்னு தெரியுதுல்ல?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சின்னவள் புகைப்படத்தைப் பெரிதாக்கி, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் இப்படி எழுதினாள்: "வலது பக்கமிருந்து மிக மெல்லிய, பரவலான வெளிச்சம், இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான், நிழலைப் போக்கவில்லை, நிழலுக்குள் சோப்பின் மேற்பரப்பு தெரியும் அளவுக்கு மட்டும்."

நாற்பத்தொன்றாவது படம் வந்தது. சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அதேதான்! பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நாளில் ஒரே அறையில் எடுத்த மாதிரி இருந்தது. கீழே டயர் எந்திரம் கத்தியதுகூட அவளுக்குக் கைதட்டல் மாதிரி கேட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்று புரியாவிட்டால் சோறு இறங்காத பிறவி அவள். ஜன்னல் ஒன்று, விளக்கு இல்லை, வலது பக்கம் பழுப்பு பீரோ. அப்புறம் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கேயிருந்து வந்தது?

அவளிடம் இருந்தது போனில் அனுப்பிச் சுருங்கிப்போன பிரதி. "ஒரிஜினலை மெயில்ல அனுப்புக்கா" என்று கேட்டு வாங்கினாள். அதில் டம்ளரைப் பெரிதாக்கினாள். எவர்சில்வர் டம்ளர் கண்ணாடி மாதிரிதானே? எதிரில் இருப்பது எல்லாம் அதில் விழும், அகலம் மட்டும் ஒடுங்கி ஒல்லியாகிவிடும். இடது ஓரத்தில் வெள்ளைக் கோடாக ஜன்னல். நடுவில் கருப்பாகக் குனிந்த ஒரு உருவம், முகத்துக்கு முன்னால் போன், போனைப் பிடித்திருக்கிற இரண்டு கை. அது அக்கா. வலது ஓரத்தில் இன்னொரு வெள்ளைக் கோடு. ஜன்னல் மாதிரி நேராக இல்லை, தொங்கலும் மடிப்புமாக இருந்தது. துணி. படுக்கை விரிப்பாக இருக்கும்.

ஓ, இவ்வளவுதானா! ஜன்னல் வெளிச்சம் விரிப்பில் பட்டு சோப்புக்குத் திரும்பி வந்திருக்கிறது. பீரோவில் மாட்டித் தொங்கவிட்டிருப்பாள். மறந்திருப்பாள். சின்னவளுக்கு அப்பாடா என்று இருந்தது. படத்தை மூடப் போனவள், துணியின் ஓரத்தில் இருந்த நான்கு புள்ளிகளைப் பார்த்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு. அதை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு தீற்றல்.

இன்னும் பெரிதாக்கினாள். விரல்கள். துணியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற நான்கு விரல்கள். கருஞ்சிவப்பு என்பது சட்டைக் கையோ என்னவோ.

அக்காவின் இரண்டு கையும் போனில் இருக்கிறது. மூன்றாவது கை யாருடையது?

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரோ துணியைப் பிடிச்சிட்டு இருக்காங்க. நல்லாத்தான் பிடிச்சிருக்காங்க, ஆடாம. பலகை எவ்வளவு உயரம்?"

"முக்காலி மேல வெச்சிருந்தாங்களாம். முழங்கால் உயரம் இருக்கும்."

"அப்ப நின்னுட்டுப் பிடிக்க முடியாது. மண்டி போட்டுத்தான் பிடிச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் தன் மேசைக்குப் போய்விட்டார்.

சின்னவளுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. அந்தப் புகைப்படத்தைப் பற்றி எட்டு மாதமாக அக்கா சொல்லி வருவது அவளுக்கு மனப்பாடம். "நான் ஒண்டியா எடுத்தது. பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. உங்க அத்தான் இந்தச் சோப்புக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தினதில்ல. வீட்டுக்குள்ள இத்தனை நடக்குதே, என்னன்னு ஒரு நாள் கேட்டதுண்டா?" சேர்த்து வைக்கப் பேச வந்த உறவுக்காரர்கள் எல்லோரிடமும் அக்கா இதைத்தான் சொன்னாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் அது உண்மை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சின்னவளும்தான்.

ஒருவேளை பக்கத்து வீட்டுக்காரியாக இருக்குமோ? அல்லது அக்கா வேண்டுமென்றே மறைக்கிறாளோ? சே, அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. அவள் வாயில் எதுவும் தங்காது. அப்படியென்றால்? சொல்வதா, வேண்டாமா? சொன்னால் குட்டையைக் குழப்பின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் தனக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் இப்படியே போனது. இரண்டு நாளில் ஆறு படமும் தயாராகிவிட்டன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியவள் படம் பார்க்க வந்தாள். படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"அடியே! என் பலகைடி இது! என் டம்ளரு! எப்படிடி செஞ்சே?"

"எழுதினேன்க்கா."

"என்ன எழுதினே? காட்டு, நானும் பாக்கறேன்."

காட்டாமல் இருக்க முடியுமா? பெரியவள் விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். கல் என்ற இடத்தில் சிரித்தாள். டம்ளரில் சிரித்தாள். வலது பக்கத்து வெளிச்சத்துக்கு வந்ததும் நின்றாள்.

"இது எதுக்கு? அந்தப் பக்கம் பீரோன்னு அன்னிக்கே சொன்னேனே. இதை எடுத்துடு. நான் எடுத்த மாதிரியே இருக்கட்டும்."

"எடுத்தா நல்லா இருக்காதுக்கா."

"எடுத்துக் காட்டு."

சின்னவள் அந்த வரியை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். மஞ்சள் சோப்பு வந்தது, வலப்பாதி கருத்து, கரித்துண்டு மாதிரி. பெரியவள் முகம் சுருங்கியது. "இது ஏன் செத்துக் கிடக்கு?"

"அந்த வெளிச்சம் இல்ல, அதான்."

"நான் எடுத்தப்பவும் அது இல்லையேடி!"

இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை. சின்னவள் ஒரிஜினலைத் திறந்து, டம்ளரைப் பெரிதாக்கி, திரையை அக்கா பக்கம் திருப்பினாள். ஜன்னலைக் காட்டினாள். போனையும் இரண்டு கையையும் காட்டினாள். துணியைக் காட்டினாள். விரலைக் காட்டினாள்.

பெரியவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "யாருடி இது?" என்றாள். குரலில் பயம் இருந்தது. வீட்டில் திருடன் இருந்தான் என்று மூன்று வருஷம் கழித்துச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

"எனக்கென்ன தெரியும்? நீதான் ஒண்டியா எடுத்தேன்னு சொன்னே."

"ஒண்டியாத்தான் எடுத்தேன். சத்தியமா. யாருமே இல்ல." சொல்லிக்கொண்டே அவள் தன் போனை எடுத்தாள். மூன்று வருஷத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பழைய பலகை வந்தது, சோப்பு வந்தது. ஒரே காலையில் இருபத்திரண்டு சோப்புப் படம். அவற்றுக்கு முந்தின படத்தில் அவள் விரல் நின்றது.

அது ஒரு டாக்டர் சீட்டு. அதே தேதி. அத்தானின் பெயர், மூன்று நாள் ஓய்வு, காய்ச்சல் நூற்றிரண்டு. அவருடைய ஆபீசுக்கு அனுப்புவதற்காக அவள்தான் படம் எடுத்திருந்தாள்.

"காய்ச்சல்," என்றாள் பெரியவள். "அவருக்குக் காய்ச்சல். லீவு போட்டு வீட்ல படுத்திருந்தாரு. அந்தச் சிவப்பு ஸ்வெட்டர்... நான்தான் எடுத்து மாட்டிவிட்டேன்." மறுபடி சீட்டைப் பார்த்தாள். "ஸ்வெட்டர் மாட்டிவிட்டது ஞாபகம் இருக்கு. கஞ்சி வெச்சுக் கொடுத்தது ஞாபகம் இருக்கு. இது எனக்கு ஞாபகமே வரலடி. எப்படி வராம போகும்?"

ஸ்டுடியோக்காரர் எழுந்து, கீழே ஏதோ வேலை இருக்கிற மாதிரி படியிறங்கிப் போனார்.

மணி மூன்றரை. பெரியவள் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் திடுதிப்பென்று நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். தனியாகக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

"சொல்லு," என்றார் அத்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த போன். அவர் குரலிலும் குழப்பம்தான்.

"ஒண்ணு கேக்கணும். நான் பச்சை சோப்பு போட்டோ எடுத்தேன்ல, அன்னிக்கு நீங்க பக்கத்துல துணி பிடிச்சிட்டு இருந்தீங்களா?"

"என்ன துணி?"

"பெட்ஷீட்டு. மண்டி போட்டுட்டு. உங்களுக்குக் காய்ச்சல் அன்னிக்கு."

அந்தப் பக்கம் யோசிக்கிற சத்தம் கேட்டது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "ஞாபகம் இல்லையேம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். சுத்தமா ஞாபகம் இல்ல." அப்புறம் அவரே சொன்னார்: "பிடிச்சிருப்பேன். நீ பிடிக்கச் சொல்லியிருந்தா பிடிச்சிருப்பேன்."

பெரியவள் திரையில் இருந்த நான்கு விரல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல. வெச்சிடறேன்," என்று சொல்லிவிட்டு வைக்காமலே உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம்தான் கடைசியில் கட் ஆனது.

மணி நாலு ஆகப் போகிறது. வேலை வேலைதானே. "அனுப்பட்டுமாக்கா?" என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "எதை அனுப்பட்டும்?"

"வெளிச்சம் இருக்கறதை," என்றாள் பெரியவள், திரையைப் பார்க்காமல்.

ஆறு படமும் போய்ச் சேர்ந்தன. இருபது நிமிஷத்தில் கொள்முதல் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆறும் ஒரே கையால் எடுத்த மாதிரி இருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தட்டு உங்களுக்கு என்று எழுதியிருந்தாள். சின்னவள் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அக்கா குதிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். பெரியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நூத்திரண்டுடி," என்றாள் துணிக்குள்ளிருந்து. "நூத்திரண்டு டிகிரில மண்டி போட வெச்சிருக்கேன். இருபத்திரண்டு போட்டோ எடுத்திருக்கேன், அவ்வளவு நேரமும் பிடிச்சிட்டு இருந்திருக்காரு. அப்புறம் அத்தனை பேர் முன்னால துரும்பை நகர்த்தலேன்னு சொல்லியிருக்கேன். அவரும் அதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தாரே. அவருக்கே ஞாபகம் இல்லையேடி, எதை வெச்சு இல்லேன்னு சொல்லுவாரு?"

சின்னவள் அவள் முதுகில் கையை வைத்தாள்.

பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "மத்ததெல்லாம் பொய்யின்னு நெனைக்காதே. ஒரு நாள்கூட என்ன ஏதுன்னு கேக்காத மனுஷன்தான் அவரு. அது நிஜம். இதுவும் நிஜமா இருக்கே, அதான் என்ன பண்றதுன்னு தெரியல."

"ம்."

"நீங்க வேணாம்னு சொல்றதுக்காகத்தான் இந்த ஆர்டர் கேட்டேன். ஆர்டர் கெடச்சிடுச்சு. நாளைக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நான் போய் என்னடி சொல்லுவேன்?"

இத்தனை நாளாக ஒரு சோப்புப் படத்தைப் பன்னிரண்டு வரியில் எழுதியவள், அக்காவுக்கு ஒரு வரி சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.